மாவுச் சந்தாவின் படிக்கட்டு: கூட்டல் குறிகளை எப்படிப் படிப்பது

கேள்வி: பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் இட்லி, தோசை மாவை மாதச் சந்தாவில் வீட்டுக்கு அனுப்பும் சிறு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். சந்தாதாரர் ஒருவர் சராசரியாக எத்தனை மாதம் இருக்கிறார் என்று முதலாளி கேட்டார். ரத்து செய்தவர்களின் சராசரியைச் சொன்னேன், மிகவும் குறைவாக இருக்கிறதே என்றார். பிறகு பைத்தானில் ஒரு வளைவு வரைந்தேன். படிக்கட்டு மாதிரி இறங்குகிறது, இடையிடையே கூட்டல் குறிகள். படி எதைச் சொல்கிறது, குறி எதைச் சொல்கிறது? 11-ஆம் மாதத்தில் ஒரு பெரிய படி இருக்கிறது, அதற்குப் பயப்பட வேண்டுமா?

பதில்: உங்கள் முதலாளிக்கு வந்த சந்தேகம் சரியானது. இன்றுவரை ரத்து செய்தவர்கள் என்று பிரித்தெடுத்தாலே, அவசரப்பட்டுப் போனவர்கள்தான் அந்தப் பட்டியலில் நிறைந்திருப்பார்கள். இரண்டு ஆண்டுகளாக விடாமல் வாங்கிக்கொண்டிருக்கும் வீடு அதில் வராது, ஏனென்றால் அது இன்னும் ரத்து செய்யவில்லை. நிறுவனம் எவ்வளவு இளையதோ அவ்வளவுக்கு இந்தச் சராசரி குறைத்துக் காட்டும். சரி, இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் இதுவரை இருந்த மாதங்களைக் கூட்டி வகுத்தாலும் தவறுதான். நேற்று சேர்ந்தவர் நேற்றே போய்விட்டதாக அது எழுதிக்கொள்ளும்.

நீங்கள் வரைந்திருப்பது கப்லான்-மையர் வளைவு. 1958-இல் எட்வர்ட் கப்லானும் பால் மையரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் வந்தது. கப்லான் கடலடித் தொலைபேசிக் கம்பியில் பொருத்தும் வெற்றிடக் குழாய்கள் எத்தனை காலம் உழைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மையர் நோயாளிகளின் ஆயுளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் இருந்த தலைவலி உங்களுடையதேதான்: கணக்கு முடிக்கும் நாளில் பாதிப் பேரின் கதை முடிந்திருக்காது.

பத்தே பத்து வாடிக்கையாளர்களை வைத்துக் கையால் போட்டுப் பார்ப்போம். ஒவ்வோர் எண்ணும் ஒருவர் சந்தாவில் இருந்த மாதங்கள். கூட்டல் குறி உள்ளவர் இன்னும் நம்மிடம் இருப்பவர்.

```
1   2   2+   3   4+   5   5+   7+   8   12+
```

முதலில் கிடை அச்சு. அது நாட்காட்டி அல்ல, சந்தாவின் வயது. ஒருவர் ஜனவரியில் சேர்ந்திருக்கலாம், இன்னொருவர் ஆகஸ்டில். இருவரையும் சேர்ந்த நாளில் கொண்டுபோய் நிறுத்தி, அங்கிருந்து நடக்கவிடுகிறோம். 4+ என்பவர் நான்கு மாதத்துக்கு முன் சேர்ந்தவர், அவ்வளவுதான். அவரிடம் ஐந்தாம் மாதம் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இப்படிப் பாதியில் நிற்கும் கணக்கை ஆங்கிலப் புத்தகங்கள் ‘சென்சார்டு’ என்கின்றன. தமிழில் ‘தணிக்கை’ என்று எழுதினால் படத்தை வெட்டுகிற வாரியம்தான் நினைவுக்கு வரும் என்பதால் நான் ‘இதுவரை பார்த்தது’ என்றே சொல்வேன்.

இனி படிகள். யாராவது ரத்து செய்யும் வயதில் மட்டுமே கோடு இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை ஒரே கேள்வி முடிவு செய்கிறது: அந்த வயதை எட்டியபோது களத்தில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் போனார்கள்?

1-ஆம் மாதம் களத்தில் பத்துப் பேர், ஒருவர் போகிறார். பத்தில் ஒன்பது நிற்கிறது, கோடு 1-லிருந்து 0.9-க்கு வருகிறது. 2-ஆம் மாதம் களத்தில் ஒன்பது பேர், ஒருவர் போகிறார். 0.9-ஐ ஒன்பதில் எட்டால் பெருக்கினால் 0.8. இதுவரை எல்லாம் சாதாரணக் கழித்தல்தான், ஒவ்வொரு படியும் 0.1 உயரம்.

இப்போது 2+ வருகிறார். கோடு அசையவில்லை, ஒரு கூட்டல் குறி மட்டும் விழுகிறது. ஆனால் 3-ஆம் மாதத்துக்கு வரும்போது களத்தில் எட்டுப் பேர் இல்லை, ஏழு பேர்தான். ஒருவர் போகிறார்: 0.8-ஐ ஏழில் ஆறால் பெருக்கினால் 0.686. படியின் உயரம் 0.1 அல்ல, 0.114. போனது அதே ஒரே ஆள்தான், படி மட்டும் வளர்ந்துவிட்டது.

அந்தக் கூடுதல் 0.014 எங்கிருந்து வந்தது? இது புரிந்துவிட்டால் வளைவு முழுவதும் புரிந்த மாதிரி. ஆரம்பத்தில் பத்துப் பேருக்கும் ஆளுக்கு 0.1 பங்கு. 2+ என்பவரை இரண்டு மாதத்துக்கு மேல் நாம் பார்க்கவில்லை. அவர் பங்கை அழிக்கவும் முடியாது, அவர் என்றென்றும் இருப்பார் என்று வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே அவருடைய 0.1, அவருக்கு வலப்பக்கம் இருக்கும் ஏழு பேருக்கும் சமமாகப் பிரிந்து போகிறது. ஆளுக்கு 0.0143 கூடி, ஒவ்வொருவரும் 0.1143 ஆகிறார்கள். 3-ஆம் மாதம் போனவர் தன் பங்கோடு, கைமாறி வந்த பங்கையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். கூட்டல் குறி கோட்டை இறக்குவதில்லை, தனக்குப் பின்னால் வரும் படிகளை உயர்த்துகிறது.

மீதியை வேகமாகப் பார்த்துவிடலாம். 4+ தன் பங்கைப் பின்னால் உள்ள ஐந்து பேருக்குக் கொடுக்கிறார். 5-ஆம் மாதம் களத்தில் ஐந்து பேர், ஒருவர் போகிறார், கோடு 0.549-க்கு வருகிறது. அதே 5-இல் 5+ என்பவரும் இருக்கிறார். ஒரே வயதில் ரத்தும் குறியும் வந்தால் ரத்தை முதலில் கணக்கில் எடுப்பது வழக்கம், அதனால் அவரும் அந்த ஐந்து பேரில் ஒருவர். அவருடைய குறி படியின் அடியில் விழும். 7+ இன்னொரு குறி. 8-ஆம் மாதத்தை எட்டும்போது களத்தில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் போகிறார், 0.549 பாதியாகி 0.274. முதல் படி 0.1, கடைசிப் படி 0.274. இரண்டிலும் போனது ஒரே ஓர் ஆள். அதற்குப் பிறகு கோடு அதே உயரத்தில் படுத்தபடி 12 வரை ஓடி ஒரு கூட்டல் குறியில் நின்றுவிடுகிறது. அது பூச்சியத்தைத் தொடாததற்குக் காரணம், கடைசியாக நிற்பவர் இன்னும் வாடிக்கையாளர் என்பதே.

முதலாளிக்கு இப்போது என்ன சொல்லலாம்? 0.5 உயரத்தில் ஒரு படுக்கைக் கோடு இழுத்தால், அது 8-ஆம் மாதப் படியில் வெட்டுகிறது. பாதிப் பேர் கழிய 8 மாதம் ஆகிறது என்று அர்த்தம். ரத்து செய்த ஐந்து பேரின் சராசரி 3.8 மாதம். பத்துப் பேரையும் கூட்டி வகுத்தால் 4.9. மூன்றும் ஒரே பட்டியலிலிருந்து வந்தவை.

சராசரியே வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், வளைவுக்குக் கீழே உள்ள பரப்பைச் சொல்லுங்கள். படிக்கட்டு என்பதால் செவ்வகங்களைக் கூட்டினால் போதும். இங்கே 12 மாதம் வரை அது 6.8 வருகிறது. ‘முதல் 12 மாதத்தில் ஒருவர் சராசரியாக 6.8 மாதம் பணம் கட்டுகிறார்’ என்று எல்லையோடுதான் சொல்ல வேண்டும். 12-க்கு அப்பால் நம்மிடம் ஆளே இல்லை, எல்லையில்லாத சராசரி இந்தத் தரவிலிருந்து கிடைக்காது.

அந்த 8-ஐயும் நான் இரண்டு மனதோடுதான் சொல்வேன். அது ஒரே ஆளின் ரத்தில் தொங்குகிறது. அவர் இன்னும் ரத்து செய்யாமல் இருந்திருந்தால் கோடு 0.549-லேயே நின்றிருக்கும், 0.5-ஐத் தொட்டே இருக்காது. அப்படிப்பட்ட நிலையில் பைத்தானின் `lifelines` தொகுப்பு, பாதிப் பேர் கழியும் மாதமான நடுமதிப்பை `inf` என்று காட்டும். ‘முடிவிலி’ என்று பயந்துவிட வேண்டாம், பாதிப் பேர் கழிவதை இன்னும் பார்க்கவில்லை என்பதே அதன் பொருள். ஆகவே படத்தின் அடியில் களத்தில் இருப்போர் எண்ணிக்கையையும் எப்போதும் அச்சிடுங்கள்:

```python
from lifelines import KaplanMeierFitter

kmf = KaplanMeierFitter()
kmf.fit(df["months"], event_observed=df["cancelled"])
kmf.plot_survival_function(show_censors=True, at_risk_counts=True)
```

`cancelled` என்ற பத்தியில் ரத்து செய்தவருக்கு 1, இருப்பவருக்கு 0. இந்த இரண்டாவது பத்தியைக் கொடுக்க மறந்தால் `lifelines` எல்லோரும் ரத்து செய்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். படத்தில் ஒரு கூட்டல் குறிகூட இருக்காது, கோடும் சரியாகப் பூச்சியத்தில் போய் விழும். நடந்துகொண்டிருக்கும் வியாபாரத்தின் வளைவு அப்படி வந்தால் தரவைச் சந்தேகிக்காதீர்கள், அந்த வரியைப் பாருங்கள்.

மாதங்களை எண்ணும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. 2 மாதம் 20 நாள் ஆன வாடிக்கையாளரை ‘கிட்டத்தட்ட 3’ என்று முழுமையாக்கினால், அவர் சந்திக்கவே இல்லாத மூன்றாவது புதுப்பித்தலைத் தாண்டிவிட்டதாக ஆகிவிடும். 3-ஆம் மாதக் களத்தில் போலி ஆட்கள் சேர, படி குட்டையாகும். முடிந்த மாதங்களை மட்டும் எண்ணுங்கள், அவர் 2+ தான். அல்லது நாட்களிலேயே கணக்கிடுங்கள். அப்போது படிகள் 30, 60, 90 என்று புதுப்பிக்கும் நாட்களை ஒட்டிக் கொத்துக் கொத்தாக வரும். மாதச் சந்தாவுக்கு அதுதான் இயல்பான முகம்.

இனி நான் சூடுபட்ட இடம். பங்கு கைமாறுகிறது என்று சொன்னேனே, அதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: குறி பெற்றவர் இனி எப்படி நடந்துகொள்வாரோ, அப்படித்தான் அவருக்குப் பின்னால் நிற்பவர்களும் நடந்துகொள்வார்கள் என்பது. போன மாதம் சேர்ந்ததால் ஒருவருக்குக் குறி விழுந்தால் இந்த நம்பிக்கை பெரும்பாலும் தாங்கும். போகப்போகிறவர் என்பதாலேயே குறி விழுந்தால் எல்லாம் கவிழ்ந்துவிடும்.

2021 அக்டோபர் 1 முதல், தானாகப் பணம் எடுக்கும் உத்தரவுகளுக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பதிவு செய்யும்போது கூடுதல் சரிபார்ப்பு, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு என்று பல நிபந்தனைகள். கார்டில் ஏற்கெனவே போட்டுவைத்திருந்த பழைய உத்தரவுகள் பல அப்படியே நின்றுபோயின. அப்போது நான் வேலை செய்த நிறுவனத்தில், பணம் எடுக்க முடியாத சந்தாக்களை மென்பொருள் ‘நிலுவை’ என்று குறித்துவைத்தது. ரத்து என்று எழுதவில்லை. நான் செய்த காரியம், ‘ரத்து’ என்று இல்லாத எல்லோரையும் இருப்பவர்கள் என்று எடுத்துக்கொண்டது. ஆயுளாக, கடைசியாகப் பணம் வந்த நாள்வரை எண்ணிக்கொண்டேன்.

வளைவு பிரமாதமாக இருந்தது. வருமானம் விழுந்துகொண்டிருந்தது, கோடு மட்டும் அசையாமல் நின்றது. இரண்டு கூட்டங்களில் அந்தப் படத்தை நான் பெருமையோடு திரையில் காட்டியிருக்கிறேன் என்பதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அம்மாள்தான், “இவர்கள் எல்லாம் இருக்கிறார்கள் என்றால் பணம் எங்கே தம்பி?” என்று கேட்டார்.

ஒரே ஒரு தவறான குறி என்ன செய்யும் என்பதை நம் பத்துப் பேரிலேயே பார்க்கலாம். 5+ என்பவர் உண்மையில் பணம் எடுபடாமல் நின்றுபோனவர், திரும்பி வரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 5-ஆம் மாதம் ஐந்து பேரில் இருவர் போகிறார்கள். 0.686-ஐ ஐந்தில் மூன்றால் பெருக்கினால் 0.411. கோடு 5-ஆம் மாதத்திலேயே பாதிக்குக் கீழே வந்துவிட்டது. பாதிப் பேர் கழிய 8 மாதம் என்று சொன்னது 5 மாதமாகிவிட்டது. மாற்றியது ஒரே ஒரு குறியை.

அதிலிருந்து படம் போடுவதற்கு முன் இதை ஓட்டாமல் விடுவதில்லை:

```python
live = df[df["cancelled"] == 0]
stale = live[(cutoff - live["last_paid"]).dt.days > 35]
print(len(live), len(stale))
```

`cutoff` என்பது கணக்கு முடிக்கும் நாள். மாதச் சந்தாவில், இருக்கிறார் என்று சொல்லப்படும் ஒருவர் 35 நாளாகப் பணம் கட்டவில்லை என்றால் அவர் இருப்பவர் அல்ல, யாரும் இன்னும் சொல்லாமல் இருக்கும் ரத்து. அவரைக் கடைசிப் பணம் தீர்ந்த நாளில் ரத்தாக எழுதுங்கள். ஊருக்குப் போவதாகச் சொல்லி மாவை நிறுத்திவைத்தவர்கள் உங்களிடம் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுக்கு எத்தனை நாள் பொறுப்பது என்று முன்பே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள், படத்தைப் பார்த்த பிறகு வைக்காதீர்கள்.

படத்தைப் பார்த்தே சந்தேகப்படவும் ஒரு வழி உண்டு. நல்ல குறிகள் உங்கள் சேர்க்கையின் நிழல். ஆறு மாதத்துக்கு முன் தீபாவளிச் சலுகையில் நிறையப் பேர் சேர்ந்திருந்தால், 6-ஆம் மாதத்தில் குறிகள் அடர்த்தியாக இருப்பது நியாயம். எந்தச் சேர்க்கையோடும் பொருந்தாத வயதில் குறிகள் அடைந்து கிடந்தால், அங்கே ஏதோ பழுது.

கடைசியாக உங்கள் 11-ஆம் மாதப் படி. படியின் உயரத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் அடியில் களத்தில் எத்தனை பேர் என்று பாருங்கள். நாலைந்து பேர்தான் என்றால், நம் 8-ஆம் மாதப் படியைப் போல அது ஓரிருவரின் வேலை. விட்டுவிடலாம். நூறு, இருநூறு பேர் களத்தில் இருக்கும்போதே அந்தப் படி விழுந்திருந்தால் அது நிஜம்.

நிஜம் என்றால், சேர்ந்த மாதவாரியாகப் பிரித்து வரைந்து பாருங்கள். ஒரே ஒரு மாதத்தில் சேர்ந்தவர்களிடம் மட்டும் 11-இல் படி இருந்தால் அது வயதின் விஷயம் அல்ல, நாட்காட்டியின் விஷயம்: விலையேற்றமோ, வெயில் காலத்தில் மாவு புளித்துப் போன வாரமோ, அவர்களை அந்த வயதில் பிடித்திருக்கிறது. எல்லா மாதத்தவரிடமும் அதே 11-இல் படி இருந்தால், என் முதல் சந்தேகம் வாடகை ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் நம் ஊர்களில் ஒப்பந்தத்தை 11 மாதத்துக்கே போடுகிறார்கள். புது வீட்டுக்குக் குடிவந்த வாரத்திலேயே பால், மாவு, தண்ணீர் கேன் எல்லாவற்றுக்கும் சொல்லிவைப்பவர்கள்தான் அதிகம் என்றால், அவர்களின் சந்தா வயதும் ஒப்பந்த வயதும் ஒன்றாகவே ஓடும்.

வருமானத்துக்காகக் கணக்குப் போடுகிறீர்கள் என்றால் வீடு மாறிப் போனதும் ரத்துதான், அதைக் குறியாக மாற்றி வளைவைத் தூக்கிவிடாதீர்கள். ஆனால் அந்தப் படியில் இறங்கியவர்களின் கைபேசி எண்களை எடுத்து, புதிதாகச் சேர்ந்தவர்களின் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எச்.எஸ்.ஆரிலிருந்து பெல்லந்தூருக்குப் போய் புது முகவரியில், புது வாடிக்கையாளர் எண்ணோடு மறுவாரமே சேர்ந்தவர் ரத்து செய்யவே இல்லை. உங்கள் பட்டியலில் அவர் இரண்டு வரிகளாக உடைந்து கிடக்கிறார்: ஒன்று 11-இல் ஒரு படி, இன்னொன்று 0-வில் ஒரு புதுத் தொடக்கம்.